பத்தரிடம் கொடுத்த தங்கம் கணக்கில் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். கடையில் பட்டறை கிடையாது. கட்டித் தங்கத்தை வெளியே ஒரு பத்தரிடம் கொடுத்து, வளையலாகவோ சங்கிலியாகவோ வாங்கிக்கொள்கிறோம். பட்டறை கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில். தங்கம் எங்களுடையது, வேலை அவருடையது. நடுவில் கொஞ்சம் சேதாரமாகப் போகிறது, செய்கூலி ஒன்று பில்லாக வருகிறது, சில நகைகள் திரும்பவும் அவரிடமே போகின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பத்தர் கணக்கு யாருக்கும் புரியாத நிலையில் இருந்தது. முதலாளி கேட்டது ஒரே கேள்விதான்: "அவர்கிட்ட நம்ம தங்கம் இப்ப எவ்வளவு நிக்குது?" பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. அப்போது கண்ட பிழைகளை, திரையில் முதலில் எப்படித் தெரிந்தனவோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எங்கள் கணினியில் இருப்பது டேலி என்பதால் திரைப் பெயர்கள் அதிலிருந்து வருகின்றன. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

நம் ஊரில் பணத்தையும் வெள்ளி என்றுதான் சொல்வோம். இங்கே உலோக வெள்ளியும் பேச்சில் வருவதால், குழப்பம் வேண்டாம் என்று பணத்தை மட்டும் ரிங்கிட் என்று எழுதுகிறேன்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு

கடைசிவரை இந்த ஒரு வேலையையே எடுத்துக்கொள்வோம். பத்தரிடம் 999 தங்கம் 100 கிராம் கொடுத்தோம். ஆர்டர், ஒவ்வொன்றும் 20 கிராம் எடையுள்ள 5 வளையல், 916 தரம். சேதாரம், முடிந்த நகையின் எடையில் 100-க்கு 2 என்று ஒப்பந்தம். செய்கூலி, முடிந்த எடைக்குக் கிராமுக்கு 15 ரிங்கிட். செம்பும் வெள்ளியும் பத்தரே போட்டுக்கொள்வார், அதற்குத் தனிக் காசு இல்லை. வளையல் 5-ம் சரியாக 100 கிராம் வந்தது. கூடவே வெட்டுத் துண்டும் அரத்தூளுமாக 6 கிராம் திரும்பி வந்தது. தங்கம் எங்கள் புத்தகத்தில் நிற்கும் விலையை, கணக்கு எளிதாக இருக்க, சொக்கத் தங்கம் கிராமுக்கு 400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்கிறேன். சந்தை விலையை இதோடு ஒப்பிட வேண்டாம்.

அறிகுறி 1: பத்தரிடம் உள்ள இருப்பு மைனஸில் போகிறது

கொடுத்தது 100 கிராம். வந்தது வளையல் 100, துண்டும் தூளும் 6, ஆக 106. மென்பொருள் பத்தர் பெயரில் மைனஸ் 6 காட்டும். பத்தர் நமக்கு 6 கிராம் இனாமாகக் கொடுத்தது போல இருக்கும். பார்த்தவுடன் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர் அதை 'எடை வரவு' என்று ஒரு கணக்கில் போட்டு லாபமாகவே காட்டியிருந்தார்.

காரணம் இதுதான். போனது 999, வந்தது 916. இரண்டும் ஒரே பொருள் அல்ல. 1000 பங்கில் 999 பங்கு தங்கம் இருந்த கட்டியில் செம்பும் வெள்ளியும் கலந்து, 916 பங்காக இறக்கியிருக்கிறார்கள். எடை கூடத்தான் செய்யும். எனவே பத்தர் கணக்கைத் தராசு காட்டும் எடையில் வைத்தால் எப்போதும் ஒட்டாது. சொக்க எடையில், அதாவது உள்ளே இருக்கும் சுத்தத் தங்கத்தின் எடையில் வைக்க வேண்டும். 999, 916 என்ற எண்தான் மாற்று.

```
சொக்க எடை = தராசு எடை × மாற்று ÷ 1000
```

நம் வேலைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். கொடுத்தது 100 × 999 ÷ 1000, அதாவது 99.9 கிராம் சொக்கம். வளையலில் வந்தது 100 × 916 ÷ 1000, அதாவது 91.6. துண்டும் தூளும் 916 என்று இப்போதைக்கு வைத்தால், 6 கிராமில் 5.496. ஒப்புக்கொண்ட சேதாரம் 2 கிராம், அதில் சொக்கம் 1.832. இந்த மூன்றையும் கூட்டினால் 98.928. கொடுத்த 99.9-இல் இதைக் கழித்தால் 0.972 கிராம் மிஞ்சுகிறது. இனாம் 6 கிராம் என்று நினைத்த இடத்தில், பத்தர் நமக்கு ஏறக்குறைய 1 கிராம் சொக்கத் தங்கம் தர வேண்டியிருக்கிறது.

இதை இன்னொரு பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். 99.9 கிராம் சொக்கத்தை 916 ஆக்கினால் தராசில் 109.061 கிராம் வரும். திரும்பியது 106. போனது 3.061, ஒப்புக்கொண்டது 2, மிகை 1.061. அந்த 1.061-ஐ 0.916-ஆல் பெருக்கினால் அதே 0.972 வரும். இரண்டு வழியிலும் விடை ஒன்றாக வந்தால்தான் நான் பதிவைச் சேமிப்பேன்.

திருத்தம்: டேலியில் பத்தருக்கென்று ஒரு கோடவுன் திறந்து, `Our stock with third party` என்ற கேள்விக்கு `Yes` கொடுங்கள். தங்கத்தின் அலகு சொக்கக் கிராம். கட்டி போகும்போது `Material Out`-இல் 100 அல்ல, 99.9 என்று பதியுங்கள். நகை வரும்போது `Material In`. வளையலின் உட்பொருள் பட்டியலில் 1 கிராம் வளையலுக்கு 0.916 சொக்கமும், சேதாரத்துக்கு 0.01832 சொக்கமும், ஆக 0.93432 என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் விரல்விட்டு எண்ண வேண்டாம். தராசு எடை எங்கே போகும் என்று கேட்டால், வவுச்சரின் குறிப்புப் பகுதியில் போகும். பத்தர் கையெழுத்துப் போடும் சீட்டில் இரண்டு எடையும் மாற்றும் இருக்க வேண்டும். தகராறு வந்தால் பேசுவது அந்தச் சீட்டுதான்.

அந்த 0.972 கிராம் கோடவுனில் அப்படியே நிற்கட்டும். உடனே எழுதித் தள்ள வேண்டாம். ஏன் என்பது அறிகுறி 3-இல் வருகிறது.

அறிகுறி 2: எடை பூஜ்யம், ஆனால் பணம் மட்டும் நிற்கிறது

இது கொஞ்சம் நுட்பமான வியாதி. பத்தரோடு கணக்கு முடித்தாகிவிட்டது, கோடவுனில் கிராம் 0. ஆனால் மதிப்புப் பக்கம் 1,198.80 ரிங்கிட் எதிர்மறையாகக் கிடக்கிறது. இல்லாத தங்கத்துக்கு ஏது மதிப்பு?

பெரும்பாலும் காரணம், நகை வந்த அன்று யாரோ அன்றைய தங்க விலையை அடித்திருப்பார்கள். போனபோது 400, வந்தபோது 412. 99.9 கிராமுக்கு 12 ரிங்கிட் வித்தியாசம் என்றால் 1,198.80. தொகையைக் கொடுத்த சொக்க எடையால் வகுத்துப் பாருங்கள். அன்றைய விலைக்கும் போன விலைக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று வந்தால் நோய் இதுதான். வேறு ஏதோ எண் வந்தால், ஒரு தடவை மட்டும் தவறான விலையில் பதிந்திருக்கிறார்கள். வவுச்சர் வவுச்சராகத் தேடத்தான் வேண்டும்.

பத்தரிடம் இருந்தபோது தங்கம் ஏறினால் அது நம் லாபம் ஆகாது. நகை விற்கும்வரை அது சரக்குதான். என்ன விலையில் போனதோ அதே விலையில்தான் திரும்பி வர வேண்டும். `Material In`-இல் கை வைத்து விலை அடிப்பதை நிறுத்துங்கள். கோடவுனிலிருந்து எடுத்த சொக்கத்தின் புத்தக மதிப்பு, அதோடு கூலி, அவ்வளவுதான் நகையின் விலை.

அறிகுறி 3: மாதாமாதம் சேதாரம் ஏறிக்கொண்டே போகிறது

முதலில் ஒரு தெளிவு. கடையில் வாடிக்கையாளரிடம் நகைக்குச் 'சேதாரம்' என்று வாங்கும் சதவீதம் வேறு, பத்தர் பட்டறையில் போகும் சேதாரம் வேறு. முதலாவது விற்பனை விலையின் ஒரு பகுதி. இரண்டாவது உண்மையில் காணாமல் போகும் தங்கம். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே கணக்கில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது.

பட்டறைச் சேதாரம் ஏறினால் பத்தரைச் சந்தேகிப்பதற்கு முன் மூன்று இடத்தைப் பாருங்கள்.

ஒன்று, 100-க்கு 2 என்பது எதன் மேல்? முடிந்த நகையின் 100 கிராம் மேல் என்றால் 2 கிராம். உருக்கிக் கலந்த 109.06 கிராம் மேல் என்றால் 2.18. நம் ஒரு வேலையிலேயே இது சுமார் 66 ரிங்கிட் வித்தியாசம். எங்கள் கடையில் முதலாளி ஒரு மாதிரியும் பத்தர் இன்னொரு மாதிரியும் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வாய்மொழி ஒப்பந்தத்தில் 'எதன் மேல்' என்ற சொல் மட்டும் விட்டுப்போயிருந்தது. வேலைக்கு வேலை சதவீதமும் மாறும். சாதா வளையலுக்குப் பேசியதை, நூறு இடத்தில் பற்றவைக்கும் கம்பி வேலை நகைக்கு வைத்தால் பத்தர் நஷ்டப்படுவார், பிறகு எங்காவது ஈடு கட்டுவார்.

இரண்டு, திரும்பி வந்த தூள். இங்கேதான் அதிகமாக ஏமாறுகிறோம். துண்டு என்றால் கவலை இல்லை, அது வெட்டிய இடத்தில் என்ன மாற்றோ அதே மாற்று. அரத்தூள் அப்படி அல்ல. அரத்திலிருந்து உதிர்ந்த இரும்பு, மெழுகு, மேசை அழுக்கு, பற்றவைக்கும் பொடி எல்லாம் அதில் கலந்திருக்கும். பற்று சீக்கிரம் உருக வேண்டும் என்பதால் பொதுவாக நகையை விடக் குறைந்த மாற்றில்தான் பொடி இருக்கும்.

அதனால் தூளைத் தூளாகவே நிறுத்து 916 என்று வரவு வைக்காதீர்கள். காந்தம் ஓட்டி இரும்பை எடுத்து, உருக்கி ஒரு கட்டியாக்கி, பிறகு மாற்றுப் பாருங்கள். எக்ஸ்ரே கருவி மேல்பரப்பை மட்டுமே படிக்கும். கலவை சீராக இல்லாத கட்டியில் மேலே ஒன்றும் உள்ளே ஒன்றும் இருக்கலாம். பெரிய தொகை என்றால், ஒரு சிறு துணுக்கை எடுத்து நெருப்பில் பரிசோதிப்பதுதான் நம்பகமான வழி.

நம் வேலையில் அந்த 6 கிராமையும் உருக்கியபோது 5.85 கிராம் கட்டிதான் வந்தது. மாற்று 890. சொக்கம் 5.2065. முதலில் நாம் வைத்தது 5.496. வித்தியாசம் 0.2895 கிராம், நம் விலையில் 115.80 ரிங்கிட். இப்போது பத்தர் தர வேண்டியது 0.972 அல்ல, 1.2615 கிராம். அதனால்தான் உடனே எழுதித் தள்ள வேண்டாம் என்றேன். தூள் உருகி மாற்றுத் தெரியும்வரை அந்த வேலை முடியவில்லை.

மூன்று, பட்டறையிலேயே தங்கிவிட்ட தங்கம். மெருகுப் போடும் தூசியிலும், தரையைக் கூட்டிய குப்பையிலும், மூசையின் ஓரத்திலும் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தர்கள் அதைச் சேர்த்து வைத்து எப்போதாவது ஒருமுறை சுத்திகரிக்கக் கொடுப்பார்கள். அது யாருக்குச் சொந்தம்? 2 சதவீதச் சேதாரத்தை நாம் ஏற்றுக்கொண்டால் அதற்குள் அடங்கும் குப்பைத் தங்கம் பத்தருக்குப் போவது பல இடங்களில் வழக்கம். அதற்கு மேல் போனதும் குப்பையில்தான் இருக்கிறது என்றால், அது நம்முடையது. எங்கள் பத்தர் ஒருநாள் சொன்னார்: "இங்க பாரும்மா, தீபாவளிக்கு முன்னாடி நாலு கடை வேலையும் ஒரே மேசைலதான் ஓடுது. குப்பையில எது உங்க தங்கம்னு நான் எப்படிச் சொல்ல?" நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு கணக்கை வேலைக்கு வேலை முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். சீசன் முடிந்து மொத்தமாகப் பார்ப்பது என்பதை விட்டுவிட்டோம்.

இந்த மூன்றும் சரி என்றான பிறகும் மிகை நின்றால், அதை மூன்று வழியில் ஒன்றில் முடிக்கலாம்.

பத்தர் தங்கமாகவே தருவார் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். 1.2615 கிராம் கோடவுனில் நிற்கட்டும், அடுத்த வேலைக்குக் கட்டி கொடுக்கும்போது அவ்வளவு குறைத்துக் கொடுங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான், விலைத் தகராறே இல்லை.

காசாகத் தருவார் என்றால் எந்த நாள் விலை என்று எழுதி வாங்குங்கள். அன்று 412 என்றால் 519.74 ரிங்கிட். நம் புத்தகத்தில் அந்தத் தங்கம் 504.60-க்கு நிற்கிறது. வித்தியாசம் 15.14 தனி வரவு, நகையின் விலையில் அது போகக் கூடாது.

பத்தர் பொறுப்பில்லை என்று முதலாளி ஒப்புக்கொண்டால், உதாரணமாக வார்ப்பு உடைந்து இரண்டாம் முறை உருக்க வேண்டி வந்தது என்றால், 504.60-ஐ அந்த மாதச் செலவாக எழுதுங்கள். வளையல் விலையில் ஏற்றாதீர்கள். வழக்கமான சேதாரம் சரக்கின் விலையில் சேரும், வழக்கத்தை மீறிய சேதாரம் சேராது. மலேசியாவில் தனியார் நிறுவனங்கள் 2016 முதல் பின்பற்றும் எம்பிஇஆர்எஸ் கணக்குத் தரத்தின் 13-ஆம் பிரிவும் அப்படித்தான் சொல்கிறது. நடைமுறைக் காரணமும் உண்டு: ஒரு தடவை கைதவறிய நஷ்டத்தை வளையலின் விலையில் ஏற்றிவிட்டால், அடுத்த முறை கடைக்காரர் அந்த ஏறிய விலையைப் பார்த்துத்தான் விற்பனை விலை வைப்பார்.

அறிகுறி 4: இந்த மாதம் நகை லாபம் நம்ப முடியாத அளவு நன்றாக இருக்கிறது

நம்பாதீர்கள். கூலி எங்கே போனது என்று பாருங்கள்.

பொதுவாக இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, கூலி பில் 'செய்கூலிச் செலவு' என்று பொதுச் செலவில் போயிருக்கும். வளையலில் தங்க விலை மட்டும் நிற்கும், அதனால் வளையல் வளையலாகப் பார்த்தால் லாபம் கொழிக்கும், மாத இறுதியில் செலவு அதைத் தின்றுவிடும். இரண்டு, பத்தர் பில் அடுத்த மாதம்தான் வரும். வளையல் அதற்குள் விற்றுப்போயிருக்கும்.

சரியான விலை இப்படி வரும். வளையலில் உள்ள தங்கம் 91.6 × 400 = 36,640. ஒப்புக்கொண்ட சேதாரம் 1.832 × 400 = 732.80. கூலி 100 × 15 = 1,500. ஆக 38,872.80, ஒரு வளையலுக்கு 7,774.56. பத்தரிடம் மிகை 0.972 ஆனாலும் 1.2615 ஆனாலும் இந்த விலை அசையாது என்பதைக் கவனியுங்கள்.

5-இல் 3 விற்று 2 கடையில் இருக்கும்போது வருடம் முடிந்தது என்று வையுங்கள். கூலியையும் சேதாரத்தையும் மொத்தமாகச் செலவில் போட்டவர் அந்த இரண்டு வளையலையும் 893.12 ரிங்கிட் குறைவாகக் காட்டுவார். வளையல் 2 என்பதால் தொகை சிறியது. கண்ணாடிப் பெட்டி முழுக்க நகை இருக்கும் கடையில் இதே பிழை எவ்வளவு ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

திருத்தம் எளிது. நகை வந்த நாளிலேயே, பில் வராவிட்டாலும், ஒப்பந்தக் கூலியைச் சரக்கு விலையில் ஏற்றி, எதிரே 'பில் வரவேண்டிய கூலி' என்ற கணக்கில் வரவு வையுங்கள். பில் வந்ததும் அதை அடைத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு மேல் ஏதாவது கிடந்தால், பத்தர் பில் போட மறந்திருக்கிறார், அல்லது நாம் ஒரே பில்லை நேராகச் செலவிலும் போட்டிருக்கிறோம்.

பில் கையில் வந்ததும் எடையைச் சரிபாருங்கள். கூலி 100 கிராமுக்கா, துண்டையும் சேர்த்து 106-க்கா? வித்தியாசம் 90 ரிங்கிட். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்த பிறகுதான் தங்கக் கணக்கும் கூலியும். கல் பதிக்கும் கூலி வேறு, அது கல் எண்ணிக்கைக்கு வரும். கல்லை நாம் கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு கோடவுன் இருப்பு உண்டு, உடைந்ததும் மிஞ்சியதும் எண்ணிக்கையில் திரும்பி வர வேண்டும். இன்னொன்று: பத்தர் தர வேண்டிய தங்கத்துக்காகக் கூலி பில்லிலேயே கழித்து மீதியைக் கொடுப்பது பழக்கம். கழிக்கலாம், ஆனால் கணக்கில் இரண்டையும் முழுத் தொகையாகப் பதிந்துவிட்டுப் பிறகு நேர்செய்யுங்கள். நிகரத் தொகையை மட்டும் பதிந்தால் கிராமுக்கு 15 என்ற கூலி கணக்கில் 10 ஆகவோ 11 ஆகவோ தெரியும், அடுத்த ஆர்டருக்கு விலை சொல்பவர் அதைப் பார்த்து ஏமாறுவார்.

அறிகுறி 5: திரும்பப் போய் வந்த நகையின் விலை ஒவ்வொரு தடவையும் ஏறுகிறது

ஒரே வளையல் 7,774.56-இல் ஆரம்பித்து 8,000-ஐத் தாண்டி நின்றதைப் பார்த்தேன். அது பற்று விட்டுப்போனது என்று இரண்டு முறை பத்தரிடம் போய் வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் புது நகை வாங்கியது போலப் பதிந்து, கூலியையும் சேதாரத்தையும் மறுபடி ஏற்றியிருந்தார்கள்.

'திரும்புதல்' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலில் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பழுதுக்காகப் பத்தரிடம் போவது. இது கொள்முதல் திருப்பம் அல்ல. வளையல் நம்முடையதாகவே, முடிந்த நகையாகவே, தன் விலையோடு பத்தர் கோடவுனுக்கு இடம் மாறுகிறது. நம் வளையலில் ஒன்று 20.00 கிராமாகப் போய், அரம் போட்டு மெருகேற்றி 19.90 ஆக வந்தது. போன 0.10 கிராமில் சொக்கம் 0.0916, அதாவது 36.64 ரிங்கிட். பற்று விட்டது பத்தர் வேலையின் குறை. கூலி இல்லை, அந்த 36.64 அவர் தர வேண்டியது. வளையலின் விலை 7,737.92 ஆக இறங்குகிறது, எடையும் 19.90 என்று மாற வேண்டும். எடையை மாற்ற மறந்தால் விற்கும்போது தராசும் பில்லும் ஒட்டாது. நாமே அளவு தவறாகச் சொல்லி, அதைச் சரிசெய்யப் போயிருந்தால், 36.64-ம் பழுதுக்கூலியும் நம் செலவு. இரண்டிலுமே நகையின் விலை ஏறாது.

வாடிக்கையாளர் நகையைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவது. 8,600-க்கு விற்ற வளையல் திரும்பினால், சரக்கில் 8,600-க்கு நுழைக்கக் கூடாது. விற்றபோது எந்த விலையில் வெளியே போனதோ, அதே 7,774.56-இல்தான் உள்ளே வர வேண்டும். 8,600-க்கு நுழைத்தால் 825.44 ரிங்கிட் லாபம் காற்றில் தங்கிவிடும்.

திரும்பிய நகையை உருக்குவது. வாங்க ஆளில்லாத டிசைன், அல்லது வளைந்து போனது. உருக்க முடிவு செய்த அன்றே கூலியும் சேதாரமும் இறந்துவிடுகின்றன. வளையலில் மிஞ்சுவது 18.32 கிராம் சொக்கம், 7,328 ரிங்கிட். மீதி 446.56 செலவு. இதைச் செலவில் எழுத மனம் வராமல், உருக்கிய தங்கத்தின் மேலேயே ஏற்றி, அடுத்த வளையலில் ஒளித்து வைப்பார்கள். அப்போது அடுத்த வளையல் இரண்டு கூலியைச் சுமக்கும். மேலே சொன்ன ஏறும் விலைக்கு இன்னொரு காரணம் இதுவே.

பழைய நகையை மாற்றுக்குக் கொண்டுவருவது. நம் கடையில் வாங்கியதாகவே இருந்தாலும் இது திருப்பம் இல்லை, புதிதாக வாங்குவது. கடை எந்த விலைக்கு எடுத்ததோ அந்த விலையில் 'பழைய தங்கம்' என்ற தனிப் பொருளில் பதியுங்கள். அந்த நகையில் முன்பு எவ்வளவு கூலி இருந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 916 முத்திரை இருந்தாலும் உருக்கி மாற்றுப் பார்க்கும் முன் பத்தர் கோடவுனுக்குச் சொக்க எடையாக அனுப்பாதீர்கள். பல தடவை பற்று வைத்த பழைய சங்கிலி 916 காட்டாமல் போவது புதிதல்ல, அந்தக் குறை பத்தர் தலையில் விழுந்தால் அறிகுறி 3-க்கே திரும்பிப் போவோம்.

எங்கள் கடையில் இப்போது பத்தரிடம் போகும் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் ஒரு எழுத்து இருக்கிறது: புதிது என்றால் பு, பழுது என்றால் ப, உருக்கு என்றால் உ. பத்தர் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார், நானும் அதைப் பார்த்துத்தான் வவுச்சரைத் தேர்ந்தெடுக்கிறேன். பழைய தங்கத்துக்கு எழுத்து இல்லை. அது உருகி, மாற்றுத் தெரிந்து, கட்டியாக ஆனபிறகுதான் படகேறும். அப்போது அது 'பு'.